முரணும் இயைபும் நிற்கும் இடம்

மரபுவழிச் செய்யுள் இயற்றுவோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். வெண்பாவும் ஆசிரியமும் விருத்தமும் இதழ்களில் வருகின்றன, கவியரங்குகளில் ஒலிக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தளை தட்டுவதில்லை. அடிதோறும் எதுகை அமைகிறது; முதற்சீரோடு மூன்றாம் சீர் மோனையால் பொருந்துகிறது. இவ்விரண்டும் அமைந்தவுடன் தொடை முடிந்தது என்று புலவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகிறார். தொல்காப்பியர் மோனை, எதுகை, முரண், இயைபு என நான்கையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். அந்நான்கில் பின்னிரண்டு இன்று தேர்வுத்தாளில் வாழ்கின்றன. செய்யுளில் தற்செயலாக வந்து போகின்றன. முரண் என்றால் எதிர்ச்சொல், இயைபு என்றால் ஈற்றொலி என்ற அளவில் பாடம் முடிந்துவிடுகிறது. அவை அடியின் எந்தச் சீரில் நின்றால் என்ன ஒலிக்கும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. நாம் இன்று வலியுறுத்த விரும்புவது அந்த இடத்தைப் பற்றியே.

தொடை என்பது தொடுத்தல். அடியோடு அடியையும் சீரோடு சீரையும் ஏதேனும் ஓர் உறவால் பிணைப்பது அதன் பணி. மோனை முதலெழுத்தால் பிணைக்கிறது. எதுகை இரண்டாம் எழுத்தால் பிணைக்கிறது. இயைபு ஈற்றால் பிணைக்கிறது. முரண் ஒன்றே எழுத்தை விட்டுச் சொல்லையும் பொருளையும் பற்றுகிறது. ஒலியைப் பற்றிய இலக்கணத்தில் பொருளைப் பற்றிய ஒன்று ஏன் சேர்ந்தது என்று மாணவர் கேட்பது இயல்பு. இதற்குரிய விடை செவியின் பழக்கத்தில் இருக்கிறது. மோனையும் எதுகையும் வரவேண்டிய சீர்களில் செவி ஓர் ஒப்புமையை எதிர்பார்த்து நிற்கிறது. அதே சீரில் முன் வந்த சொல்லுக்கு மாறான சொல் வந்து விழுந்தால், எதிர்பார்ப்பு நிறைவேறாமல் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தைச் செவி ஓர் அழுத்தமாகவே கேட்கிறது. ஆகவே முரண் தொடையாவதற்கு எதிர்ச்சொல் இருந்தால் மட்டும் போதாது. அது நிற்கும் சீரும் பொருந்த வேண்டும்.

அணியிலக்கணத்தில் வரும் முரணும் தொடையாக வரும் முரணும் பிரிவது இவ்விடத்தில்தான். தண்டியலங்காரம் விரோதம் என்று கூறும் அணி, பாட்டில் எங்கு வந்தாலும் அணியே. முரண்தொடைக்கோ அடியில் இடம் உண்டு. இடத்துக்கேற்பப் பெயரும் உண்டு. அதைப் போலவே, தொல்காப்பியம் வனப்பு எட்டனுள் ஒன்றாகக் கூறும் இயைபு வேறு, தொடையாகிய இயைபு வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வோர் உளர்.

இடங்களை யாப்பருங்கலக்காரிகை தெளிவாக வகுத்துத் தருகிறது. நாற்சீர் அடியில் முதல் இரு சீரும் பொருந்தினால் இணை; முதலும் மூன்றும் பொருந்தினால் பொழிப்பு; முதலும் நான்கும் பொருந்தினால் ஒரூஉ. மூன்று சீர் பொருந்துவன கூழை, மேற்கதுவாய், கீழ்க்கதுவாய். நான்கும் பொருந்துவது முற்று. அடிகளின் முதற்சீர் பொருந்துவதாகிய அடித்தொடையையும் சேர்த்தால் இவை எட்டு. மோனை முதல் அளபெடை வரையுள்ள ஐந்து தொடையும் இவ்வெட்டால் உறழ்ந்து 40 ஆகும். அந்தாதி, இரட்டை, செந்தொடை ஆகியவற்றைக் கூட்டினால் 43. மாணவர் இந்த 43-ஐயும் மனப்பாடம் செய்கின்றனர். ஆயினும் பொழிப்பில் நிற்கும் முரணுக்கும் இணையில் நிற்கும் முரணுக்கும் ஒலியில் உள்ள வேறுபாட்டை ஒருமுறையேனும் வாய்விட்டுப் படித்து உணர்ந்தவர் மிகச் சிலரே.

அவ்வேறுபாட்டைக் காட்டவே கீழ்வரும் குறள் வெண்பாவை இங்கு அமைத்துள்ளோம்.

இன்பம் வருங்காலும் துன்பம் உறுங்காலும்
அன்பே அகலாத் துணை.

முதலடியின் முதற்சீர் இன்பம். மூன்றாம் சீர் துன்பம். இது பொழிப்பு முரண். இரண்டுக்கும் இடையில் ஒரு முழுச் சீர் நிற்கிறது. இன்பம் என்ற சொல்லைக் கேட்ட செவி, வருங்காலும் என்று நீண்டு ஒலிக்கும் சீரைக் கடந்துதான் துன்பத்தை அடைகிறது. அந்த இடைவெளியில் இன்பம் தனக்குரிய நேரத்தைப் பெற்றுவிடுகிறது. அதன் பின்னரே துன்பம் வருகிறது. வரும்போது அதுவும் தனித்து, முழுப் பாரத்தோடு வருகிறது.

அதே கருத்தை இணை முரணாக மாற்றிப் பார்ப்போம்.

இன்பமும் துன்பமும் எய்திடும் போதெல்லாம்
அன்பே அகலாத் துணை.

தளை தட்டவில்லை, எதுகை இருக்கிறது, முரண் இருக்கிறது. இலக்கணம் இதையும் ஏற்கும். ஆனால் படித்துப் பாருங்கள்: இன்பமும் துன்பமும் ஒரே மூச்சில் ஒலித்து ஓர் இரட்டைப் பெயராக ஒட்டிக்கொள்கின்றன. நாள்தோறும் நாம் சேர்த்தே வழங்கும் சொற்கள் இவை. அந்த வழக்கு அவற்றின் எதிர்ப்பைத் தேய்த்துவிட்டது. முரண் அடுத்தடுத்து நின்றதும் அந்தத் தேய்வு வெளிப்படுகிறது. பொழிப்பில் பிரிந்து நின்றபோது அது மறைந்திருந்தது. முரண் இங்கே பட்டியலாகிவிட்டது. இதோடு வேறொரு கேடும் நேர்ந்திருக்கிறது. இரு சொற்களும் முன்னே சென்றுவிட்டமையால் பின்னிரு சீர்களில் சொல்வதற்குப் பொருள் இல்லை. எய்திடும் போதெல்லாம் என்று நீட்டி அடியை நிரப்ப வேண்டியதாயிற்று. எய்தும் என்றாலே போதும் இடத்தில் வந்த இடும் என்ற துணைவினை, தளைக்காக வந்தது. முரணை இடம் தவறி வைத்தால் அடியின் பின்பகுதி காலியாகும். ஓர் அடியில் அசைநிலையும் நிரப்புச்சொல்லும் மிகுந்தால், அவ்வடியில் முரணோ எதுகையோ முந்தி வந்து தீர்ந்துபோயிற்றா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இணை முரண் எப்போதும் மெலிந்தது என்று இதற்குப் பொருளில்லை. இரு எதிர்கள் ஒன்றாகவே வருகின்றன என்று சொல்ல வேண்டிய இடத்தில் இணையே தகும். அத்தகைய ஓரிடத்தைப் பின்னர்க் காண்போம்.

மீண்டும் முதற்குறளுக்கு வருவோம். அதன் இரண்டாம் சீரும் நான்காம் சீரும் வருங்காலும், உறுங்காலும் என ஒரே ஈற்றால் முடிகின்றன. இதற்கு என்ன பெயர்? முன்னிருந்து எண்ணுபவருக்கு எட்டு வகையுள் எதிலும் இது அடங்காது. ஏனெனில் முதற்சீர் இதில் சேரவில்லை. பலர் தடுமாறும் இடம் இது. இயைபுக்குச் சீரைக் கடையிலிருந்து எண்ண வேண்டும். அடியின் ஈற்றுச்சீரே இயைபுக்கு முதற்சீர். நான்கும் மூன்றும் இயைந்தால் இணை இயைபு. நான்கும் இரண்டும் இயைந்தால் பொழிப்பு இயைபு. நான்கும் ஒன்றும் இயைந்தால் ஒரூஉ இயைபு. இதற்குரிய காரணம் எளிது. மோனைக்கும் எதுகைக்கும் அடியின் தொடக்கம் தலைமையிடம். அங்கே எழும் ஒலியைத் தேடியே பின்வரும் சீர்கள் பொருந்துகின்றன. இயைபு ஈற்றில் வாழ்வது. அடி முடிந்து குரல் தங்கும் இடமே அதன் தலைமையிடம். ஆகவே உறுங்காலும் என்று அடி முடியும்போதுதான், முன்னே வந்த வருங்காலும் செவிக்கு மீண்டும் கேட்கிறது. இது பொழிப்பு இயைபு.

இப்போது முழு அடியையும் ஒருங்கே கேட்கலாம். முதலும் மூன்றும் முரண். இரண்டும் நான்கும் இயைபு. சீர்களை அலகிட்டால் இன்பம் தேமா, வருங்காலும் புளிமாங்காய், துன்பம் தேமா, உறுங்காலும் புளிமாங்காய். முரண்படும் சொற்கள் இரண்டும் ஒரே அளவின. இயையும் சொற்கள் இரண்டும் ஒரே அளவின. பொருளால் பகைத்த இன்பமும் துன்பமும் அசையால் ஒத்து நிற்கின்றன. இரண்டாம் எழுத்தாகிய னகர ஒற்றால் எதுகையிலும் ஒத்து நிற்கின்றன. முரண் அவற்றைப் பிரிக்கிறது. அவற்றைத் தொடர்ந்து வரும் இயைபு இரு பொழுதுகளையும் ஒன்றாகச் சேர்க்கிறது. எப்பொழுதும் அன்பு அகலாது என்னும் கருத்துக்கு இதுவே வேண்டியது. நிலைகள் மாறுகின்றன என்பதை முரண் சொல்லிவிட்டது. துணை மாறுவதில்லை என்பதை, இரண்டாம் அடி சொல்லும் முன்னரே இயைபு செவிக்கு உணர்த்திவிட்டது. முரண் பிரிப்பதற்கும் இயைபு சேர்ப்பதற்கும் உரியவை என்பதே இவ்விரு தொடைகளைப் பற்றி நாம் கூற விழையும் தலையாய கருத்து. கருத்தில் பிரிவும் சேர்க்கையும் இல்லாத அடியில் இவற்றை வலிந்து புகுத்தினால் ஒலி தனித்து நிற்கும், பாட்டுக்கு உதவாது.

முரணுக்குரிய சொல்லிணைகளைத் தேர்வதிலும் செவியின் துணை வேண்டும். தமிழில் எதிர்ச்சொற்கள் பல, எதுகையாகவும் அமைந்துள்ளன: இன்பம்–துன்பம், பிறப்பு–இறப்பு, வன்மை–மென்மை. நன்மை–தீமை, வரவு–செலவு போன்ற சில, ஈற்றால் மட்டும் ஒத்தவை. ஏறு–இறங்கு போன்ற சில, மோனைக்கு இனமானவை. இரவு–பகல், மேடு–பள்ளம் போன்றவற்றுக்கு ஒலியுறவே இல்லை. ஒலியுறவுள்ள இணை, பொழிப்பில் நன்கு பொருந்தும். இடையில் ஒரு சீர் நின்றாலும் எதுகை அவ்விரண்டையும் பற்றிக்கொள்ளும். ஒலியுறவற்ற இணைக்கு வலுவான இடம் வேண்டும். அடியின் இரு முனைகளே அத்தகைய இடங்கள். அடி எழும் சீரும் அடி முடியும் சீரும் இயல்பாகவே அழுத்தம் பெறுவன. அங்கே நிற்கும் எதிர்ச்சொற்களுக்கு எழுத்தொப்புமை தேவையில்லை. ஒரூஉ முரணின் பயன் இதுவே. மற்றொரு குறளால் இதை விளக்கலாம்.

மேட்டில் விழுந்தநீர் தேடிவரும் பள்ளத்தை
வாட்டம் அறிவதே மாண்பு.

மேடு முதற்சீரில் உள்ளது. பள்ளம் நான்காம் சீரில் உள்ளது. இரண்டுக்கும் இடையில் நீர் விழுந்து ஓடுகிறது. மேட்டில் தொடங்கிய குரல், நீரோடு இறங்கிப் பள்ளத்தில் வந்து நிற்கிறது. விழுந்தநீர், தேடிவரும் என்னும் இரு சீர்களும் அந்தத் தொலைவைக் கடக்கும் நேரத்தைத் தருகின்றன. மேட்டையும் பள்ளத்தையும் அடுத்தடுத்து வைத்திருந்தால் இந்த இறக்கம் கிட்டியிராது. நீர் நகர்வதற்கே இடமிருந்திராது. மேட்டில், வாட்டம் என்ற அடியெதுகையும், மேட்டில், விழுந்த என்ற இணை மோனையும் தம் பணியைச் செய்கின்றன. எனினும் அடியைத் தாங்கி நிற்பது முரணே. இக்குறளில் இயைபு இல்லை. அது குறையும் அன்று. ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குச் செல்லும் பொருளுக்கு ஈற்றொப்புமை தடையாகவே இருந்திருக்கும்.

முரணில் சொல்லும் பொருளும் எவ்வாறு பகைக்கலாம் என்பதை யாப்பருங்கல விருத்தியுரை ஐந்தாக விரித்துக் கூறும். எழுதுவோர் முதலிரண்டைத் தெளிந்தாலே போதும். சிற்றூர், பேராறு என்று வந்தால் ஊரும் ஆறும் பகையல்ல. சிறுமையும் பெருமையும் ஆகிய சொற்களே பகை. இது சொல்முரண். தீ, நீர் என்று வந்தால் சொற்களில் எதிர்மை இல்லை, பொருள்களே பகை. இது பொருள்முரண். சொல்முரண் ஒலியில் உடனே கேட்கும். பொருளில் மெலிதாக நிற்கும். பொருள்முரண் சற்றுத் தாழ்த்தியே உணரப்படும், உணர்ந்தபின் நிலைக்கும். இதனால் இணைக்குச் சொல்முரணும், பொழிப்புக்கும் ஒரூஉவுக்கும் பொருள்முரணும் பெரும்பாலும் ஏற்கும். ஒரு சொல்லோடு அதன் எதிர்மறையை மட்டும் சேர்த்து, அறிதல் அறியாமை என்றாற்போல் தொடுப்பது முரணில் எளியது. புதிய சொல் எதுவும் செய்யுளுக்குள் வராமையால் ஒலியும் புதிதாவதில்லை. ஓரடியின் நான்கு சீரிலும் எதிர்களை அடுக்கும் முற்று முரணும் அரிதாகவே வெல்லும். நான்கு எதிர்ச்சொற்களுக்கு நடுவே வினைக்கு இடம் இருப்பதில்லை. வினையில்லா அடியில் குரல் எங்கும் தங்குவதில்லை.

இயைபைப் பற்றிய பெருந்தவறு வேறு வகையானது. முரண் கிடைப்பதற்கு அரிது. இயைபோ மிக எளிது. தமிழில் விகுதிகள் சொல்லின் இறுதியில் சேர்வன. வினைமுற்று பெரும்பாலும் தொடரின் இறுதியில் வருவது. ஆகவே வந்தான், நின்றான், சென்றான் என்று எழுதிக்கொண்டே போனால் அடிதோறும் ஈறு ஒத்துவிடும். புலவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மொழியே இலவசமாகத் தரும் இந்த ஒப்புமையைச் செவி பெரிதாக மதிப்பதில்லை. செய்யுள் மரபு அடியின் தலையில் எதுகையை நிறுத்தி, இயைபை அளவோடு வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. சொல்லின் தொடக்கமே பகுதி நிற்கும் இடம். அங்கே ஒப்புமை காண்பதற்குச் சொல்லையே தேட வேண்டும்.

எனவே இயைபு எழுதுவோர் கைக்கொள்ளத்தக்க ஒரு சோதனையைக் கூறுவோம். ஈற்றில் ஒத்த சொற்களின் விகுதியையும் உருபையும் இடைச்சொல்லையும் நீக்கிப் பாருங்கள். எஞ்சியவற்றிலும் ஒப்புமை இருந்தால் அந்த இயைபு உறுதியானது. எஞ்சியவை வேறுபட்டால், ஒத்தது இலக்கணமே, பாட்டன்று. வந்தான், தின்றான் என்பவற்றில் ஆன் விகுதியை நீக்கினால் இயைவதற்கு ஒன்றும் இல்லை. முன்னர்க் கண்ட வருங்காலும், உறுங்காலும் என்பவற்றில் கால் என்ற சொல்லும் உம்மையும் இரண்டிலும் மீண்டு வருகின்றன. எஞ்சும் வரும், உறும் என்பவற்றில் ரகரமும் றகரமும் வேறெழுத்துகள். ஆகவே அது சொல்லால் வந்த இயைபு. எழுத்தை நுணுகித் தேடிப் பெற்றதன்று. அங்கே அது பயன்பட்டதற்குக் காரணம், இரு பொழுதும் ஒன்றே என்ற கருத்துக்கு ஒரே சொல் மீள்வது தேவைப்பட்டமையே. அக்கருத்து இல்லாத இடத்தில் அதே இயைபு வறுமையாகத் தோன்றும்.

உறுதியான இயைபுக்கும், அது முறிய வேண்டிய இடத்துக்கும் சான்றாக நெய்தற் பொருளில் ஒரு நேரிசை ஆசிரியப்பாவை அமைத்துக் காட்டுகிறோம். கடல்மேற் சென்ற தலைவனை எண்ணித் தலைவி கூறுவது இது.

வேலை சூழ்ந்த வெண்மணற் கரையே
மாலை காலை மாறாத் திரையே
அலைமேற் சென்றோன் உரையே
தொலையா தென்றும் அலைக்குமென் உயிரே.

முதல் மூன்று அடியும் கரையே, திரையே, உரையே என முடிகின்றன. இது அடி இயைபு. சோதனையை இட்டுப் பார்ப்போம். ஈற்றசையாகிய ஏகாரத்தை நீக்கினால் கரை, திரை, உரை என்பவை எஞ்சுகின்றன. அவற்றிலும் ரை என்னும் எழுத்து ஒத்தே நிற்கிறது. ஆசிரியத்தின் ஈற்றடி ஏகாரத்தால் முடிவது சிறப்பு என்பதால், ஏகாரம் மட்டும் ஒத்தால் அதைச் செவி இயைபாகக் கொள்வதில்லை. அதற்கு முன்னுள்ள எழுத்தும் ஒத்தால்தான் செவி விழிக்கிறது. மூன்று சொற்களும் மூன்று வேறு பொருள்களைக் குறிப்பன. கரையும் திரையும் கண்ணுக்குத் தெரிவன, உரை நினைவில் மட்டும் உள்ளது. கண்முன் உள்ள இரண்டோடு கண்முன் இல்லாத ஒன்றை இயைபு சேர்த்து வைக்கிறது. கரை இருக்கிறது, திரை இருக்கிறது, அவன் சொல்லும் அவ்வாறே இருக்கிறது என்பதைத் தலைவி எவ்வகை உவமையும் கூறாமல் உணர்த்திவிடுகிறாள்.

இரண்டாம் அடியில் மாலை காலை என்பது இணை முரண். முன்னர் இணை முரணைக் குறை கூறினோம். இங்கே அதுவே தகும். மாலையும் காலையும் திரைக்கு ஒன்றே; இடையில் வேறுபாடு இல்லை. எதிர்கள் ஒட்டி நிற்க வேண்டிய பொருள் இது. அடுத்த சீர் மாறா என்று வந்து, முரணைப் பொருளால் அழித்தும்விடுகிறது. காலை மாலை என்பது வழக்கு. அதை மாற்றி மாலையை முன்னிட்டமையால், முதலடியின் வேலையோடு எதுகை கெடாமலே, மாறா என்ற சீரோடு பொழிப்பு மோனையும் கிடைத்தது. முறை மாறியதால் சேர்த்தே வழங்கித் தேய்ந்த இரட்டைச்சொல்லும் சற்றே புதுமை பெறுகிறது. நெய்தலுக்குரிய பொழுதாக மரபில் எற்பாடு கூறப்படுதலின், பொழுது சாயும் வேளையில் தொடங்கிப் பேசுவது தலைவிக்கும் பொருந்தும்.

மூன்றாம் அடி முச்சீரான் வருவது. நேரிசை ஆசிரியத்தின் ஈற்றயலடி அதுவே. குறைந்த அடியில் இயைபு விரைந்து வருகிறது. கரையே என்பதற்கும் திரையே என்பதற்கும் இடையில் மூன்று சீர்கள் கடந்தன. உரையே என்பது இரண்டே சீர்களைக் கடந்து வந்துவிடுகிறது. இயைபு நெருங்குவதைச் செவி உணர்ந்து, நான்காம் அடியிலும் அதையே எதிர்நோக்குகிறது. ஆனால் நான்காம் அடி உயிரே என முடிகிறது. ரகரம் இருக்கிறது, ஏகாரம் இருக்கிறது. இடையில் நிற்க வேண்டிய ஐகாரமும் யகர மெய்யும் இல்லை. கரையும் திரையும் உரையும் நிலைத்திருக்க, உயிர் ஒன்றே அலைந்து வரிசையிலிருந்து நீங்கிவிட்டது. நான்கடியும் ரையே என முடிந்திருந்தால் செய்யுள் இனிமையாகவே ஒலித்திருக்கும். ஆனால் அலைக்கும் என்ற வினைக்கு ஒலியில் எந்தச் சான்றும் இருந்திராது. இயைபை அறிந்தவர் செய்ய வேண்டிய இறுதித் தேர்வு, அதை எங்கே நிறுத்துவது என்பதே.

இவ்விடத்தில் இயைபின் எல்லைகளையும் கூற வேண்டும். வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாக, ஓரசையாகவோ உகரம் ஏற்ற ஓரசையாகவோ சுருங்கி முடிவது. முன்னடிகளின் ஈற்றில் நிற்பதோ முழுச்சீர். ஆகவே வெண்பாவில் எல்லா அடியும் ஒத்த பாரத்தோடு இயைவது அரிது. முதலடிகளில் அடிக்குள்ளேயே இணையாகவோ பொழிப்பாகவோ இயைவது அதற்கு இயல்பு. ஆசிரியத்தில் வேறு தடை உண்டு. பழைய ஆசிரியங்களில் பொருள் ஓரடியில் முடியாமல் அடுத்த அடிக்கு ஓடுவது வழக்கம். பெயரெச்சம் ஓரடியின் ஈற்றில் நிற்க, அது தழுவும் பெயர் அடுத்த அடியின் தொடக்கத்தில் வரும். அங்கே அடியிறுதியில் இயைபை வைத்தால் ஓடும் பொருளைத் தடுத்து நிறுத்தியதாகும். பொருள் அடிதோறும் முடியும் இடத்திலேயே அடி இயைபு தகும். நாம் அமைத்த ஆசிரியத்தின் முதல் மூன்று அடியும் அவ்வாறே ஒவ்வொரு பெயரோடு முடிந்து நிற்கின்றன.

சிந்திலும் கும்மியிலும் இயைபு அரசு செலுத்துவதன் காரணமும் இதுவே. அங்கே அடியும் பொருளும் இசையின் சுற்றும் ஒருங்கே முடிகின்றன. குரல் தங்கும் ஒவ்வோரிடத்திலும் ஈற்றொலி திரும்பி வருவது பாடுவோர்க்குத் துணையாகிறது. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பாடிக் கேட்டவர் இதை எளிதில் உணர்வர். இன்றைய திரைப்பாடல்களும் புதுக்கவிதைகள் சிலவும் இயைபைப் பெரிதும் கையாள்வதால், இயைபு என்றாலே இசைப்பாட்டின் உடைமை என்று மரபுப் புலவர் ஒதுங்கிக்கொள்கின்றனர். அது சரியன்று. ஒருபுறம் விகுதியை மட்டும் ஒப்பித்து இயைபு செய்வோர் அதன் மதிப்பைக் குறைக்கின்றனர். மறுபுறம் அதன் மதிப்பு குறைந்துவிட்டதென்று செய்யுளார் அதைக் கைவிடுகின்றனர். தொல்காப்பியர் காலம் முதல் இலக்கணத்தில் இடம் பெற்ற ஒரு தொடையை இவ்வாறு இழப்பதற்கு நாம் உடன்பட இயலாது.

ஆகவே கற்பிக்கும் முறை மாற வேண்டும். ஓரடியைக் கொடுத்து அதில் அமைந்த தொடையின் பெயர் யாது என்று கேட்பதோடு வினா நின்றுவிடுகிறது. பெயர் சொல்லத் தெரிந்த மாணவருக்குப் பயன் சொல்லத் தெரிவதில்லை. பொழிப்பு முரணுள்ள அடியைக் கொடுத்து அதை இணையாக மாற்றி எழுதச் சொல்ல வேண்டும். மாற்றியபின் இரண்டையும் உரக்கப் படித்து, எதில் நிரப்புச்சொல் புகுந்தது, எதில் பொருள் மெலிந்தது என்று கூறச் செய்ய வேண்டும். இயைபுள்ள அடியைக் கொடுத்து, விகுதியை நீக்கினால் எஞ்சுவது என்ன என்று கேட்க வேண்டும். அடியிலுள்ள இயைபைக் கடையிலிருந்து எண்ணப் பழக்க வேண்டும். இதற்குப் புதிய பாடநூல் வேண்டியதில்லை. காரிகையின் உறுப்பியலும் ஒரு கரும்பலகையும் போதும்.

செய்யுளை வெளியிடுவோர்க்கும் கவியரங்கில் மதிப்பிடுவோர்க்கும் இதில் கடமை உண்டு. தளை தட்டாமை, எதுகை பிழையாமை என்ற இரண்டோடு மதிப்பீட்டை முடித்தால் எழுதுவோரும் அவ்விரண்டோடு நின்றுவிடுவர். அடியின் முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும் மட்டும் செவியைச் செலுத்தாமல், ஈற்றுச்சீரிலும் அதை நோக்கி வரும் சீர்களிலும் செலுத்த வேண்டும். எதிர்ச்சொல் கண்டவுடன் முரண் என்று பாராட்டாமல், அது நின்ற சீர் அதற்கு உரியதுதானா என்று வினவ வேண்டும். ஈற்றொலி கேட்டவுடன் இயைபு என்று மகிழாமல், அது பொருளில் எவற்றைச் சேர்த்தது என்று வினவ வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை தரும் அடியையே தொடை அமைந்த அடி என்று நாம் ஏற்போம்; விடை தராத அடி தளை தட்டாததாயினும் திருத்தி எழுதத் தக்கதே.